ஆங்கிலப் பத்திரிகை விளம்பரத்தை 30 நொடி தமிழ் ரேடியோ ஸ்பாட் ஆக்குவது: சத்தமே போடாத ஃபேனுக்கு என்ன ஒலிக்குறிப்பு எழுதுவது?

தாள்பேனா | ஜூன் 3, இரவு 10.40

சீலிங் ஃபேன் விளம்பரம் ஒன்று கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில், முழுப்பக்கம். முக்கால் பக்கம் வெறும் வெள்ளை. கீழ் மூலையில் குழந்தை தூங்குகிறது. தலைப்பு: “ஹியர் தட்? நைதர் கேன் வி.” அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலு விஷயம். சத்தமில்லாத மோட்டார், சாதா ஃபேன் 75 வாட் என்றால் இது 28 வாட், ரிமோட், நட்சத்திரக் குறி போட்ட 5 வருட வாரன்ட்டி. கடைசியில் இணைய முகவரி.

இதை 30 நொடி தமிழ் ரேடியோ ஸ்பாட்டாக மாற்றித் தர வேண்டும், ஒலிக்குறிப்புகளோடு. நான் இதுவரை பத்திரிகைக்கு மட்டுமே எழுதியவன். முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது:

“கேட்கிறதா? எங்களுக்கும் கேட்கவில்லை! அறிமுகமாகிறது, அமைதியின் புதிய பரிமாணம்...”

மொத்தம் 71 சொல். ஆங்கில ரேடியோ ஸ்பாட்டில் 70 சொல் வரை அடங்கும் என்று படித்திருந்ததால் சரியாக வரும் என்று நம்பினேன். கடிகாரம் வைத்து வாசித்தால் 46 நொடி. எங்கே தப்பு?

பழைய மைக் | ஜூன் 3, இரவு 11.25

சொல்லை எண்ணியதுதான் தப்பு. ஆங்கிலத்தில் நாலு துண்டாக நிற்பது நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடும். ‘அறிமுகமாகிறது’ ஒரு சொல்தான், அதைச் சொல்லி முடிக்க ஒரு நொடிக்கு மேல் போகிறது. முழுக்கப் பேச்சாகவே இருந்தால் தமிழில் 45, 50 சொல்லுக்கு மேல் நான் எழுதுவதில்லை. சத்தங்களுக்கும் இடம் வேண்டுமென்றால் 35, 40. அதுவும் குத்துமதிப்புதான். உரக்க வாசித்து, ஒலிக்குறிப்பு வரும் இடங்களில் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டு, நேரம் பாருங்கள். மனசுக்குள் வாசித்தால் எல்லாமே 25 நொடியில் முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் முதல் வரி. ரேடியோவில் ஒருத்தர் “கேட்கிறதா? எங்களுக்கும் கேட்கவில்லை” என்றால், கேட்பவர் கை நேராக வால்யூமுக்குப் போகும். பத்திரிகையில் அந்த வரிக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாளும் தூங்கும் குழந்தையும் இருந்தன. அந்த வெள்ளைதான் பாதி நகைச்சுவை. காதுக்கு அது கிடையாது.

காட்சிமொழி | ஜூன் 4, காலை 7.10

வெள்ளைத்தாளுக்கு ரேடியோவில் சமமானது மௌனம். இரண்டு நொடி முழு மௌனம் வையுங்கள், பிறகு “இதுதான் எங்கள் ஃபேன் ஓடும் சத்தம்” என்று ஒரு குரல். முடிந்தது. மூலக் கருத்துக்கும் துரோகமில்லை.

தாள்பேனா | ஜூன் 4, காலை 9.00

இது நேற்று எனக்கும் தோன்றியது. அழகாகத்தான் இருக்கிறது. வாடிக்கையாளருக்கும் பிடிக்கும், ஏனென்றால் தலைப்பின் உயிர் அப்படியே நிற்கிறது. பழைய மைக் என்ன சொல்கிறார்?

பழைய மைக் | ஜூன் 4, மதியம் 1.15

யோசனை நல்லது, ஸ்டுடியோவில் கேட்கும்வரை. ஒலிபரப்பில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

நிலையத்திலிருந்து வெளியே போகும் ஒலி எல்லாம் ஒரு ப்ராசஸர் வழியாகப் போகிறது. அதன் வேலை, எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே உரப்பில் வைப்பது. உரக்க இருப்பதை அமுக்கும், மெதுவாக இருப்பதைத் தூக்கும். நீங்கள் மௌனம் வைத்தால், பல இடங்களில் அது அந்த மௌனத்தில் எதையாவது தேடித் தூக்கப் பார்க்கும். பதிவில் இருக்கிற மெல்லிய ‘ஸ்ஸ்’ மேலே வரும். சத்தமே போடாத ஃபேன் என்கிறீர்கள், கேட்பவர் காதில் ‘ஸ்ஸ்’ என்று விழுகிறது. இதற்கு மேல் ஒரு விளம்பரம் கெட்டுப்போக வழியில்லை.

மௌனத்தை முழுப் பூஜ்யமாக எடிட் செய்து அனுப்பினாலும் வேறு தொல்லை. காரில் கேட்பவருக்கு அந்த இடத்தில் எஞ்சின் சத்தம் கேட்கும். கடையில் கேட்பவருக்குத் தெருச் சத்தம். ரேடியோவின் மௌனத்தை நிரப்புவது அவரவர் இருக்கும் இடம்தான்.

அமைதியைக் காட்ட மௌனம் உதவாது. அமைதியில் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு சின்னச் சத்தம் வேண்டும். சுவர்க்கடிகாரம், தாள் புரளுவது, ஸ்விட்சின் டிக். ப்ராசஸர் அதைத் தூக்கினாலும் உங்களுக்கு லாபமே, கடிகாரம் இன்னும் தெளிவாகக் கேட்கும். சுத்தமாகப் பதிவு செய்தால் போதும்.

காட்சிமொழி | ஜூன் 4, மாலை 6.30

கடிகாரம் பற்றிச் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மௌனம் எப்போதும் தோற்கும் என்பதை ஏற்கமாட்டேன். ஒரு நொடி மௌனம் கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

பழைய மைக் | ஜூன் 4, இரவு 9.50

ஒரு நொடி, அதற்கு முன்னால் பெரிய சத்தம் இருந்து அது நின்ற இடத்தில் என்றால், ஆமாம். அதற்கு நானும் எதிரியில்லை. தொடக்கத்தில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவசரக்காரி | ஜூன் 5, காலை 8.20

நானும் ரேடியோ விளம்பரம்தான் எழுதுகிறேன், வீட்டுக்காரர் நடத்தும் கிளினிக்குக்கு. போன் நம்பரை இரண்டு முறை சொல்லச் சொல்கிறார். நாலு டாக்டர் பெயர், எட்டு சிகிச்சை, நேரம், முகவரி எல்லாம் வேண்டுமாம். தமிழிலேயே இருக்கிறது, மொழிபெயர்ப்புப் பிரச்சினை இல்லை. 30 நொடியில் எப்படி அடக்குவது? வேகமாகப் படிக்க ஆள் இருக்கிறார்களா?

பழைய மைக் | ஜூன் 5, காலை 11.05

வேகமாகப் படிக்க ஆள் இருக்கிறார்கள் அம்மா, அந்த வேகத்தில் கேட்க ஆள் இல்லை. பத்து இலக்க எண்ணைப் புரியும்படி ஒரு முறை சொல்ல ஐந்தாறு நொடி. இரண்டு முறை என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம் எண்ணுக்கே போய்விட்டது. வண்டி ஓட்டுகிறவர் அதை எழுதிக்கொள்ளப் போவதும் இல்லை. கிளினிக் பெயரையும், எல்லோருக்கும் தெரிந்த ஒரு அடையாளத்தையும் மட்டும் வைத்து, எந்த வலிக்கு வரவேண்டும் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

தாள்பேனா, இது உங்களுக்கும்தான். அந்த நாலு விஷயத்தில் எது நிற்கப் போகிறது?

தாள்பேனா | ஜூன் 5, இரவு 11.30

அந்தக் கேள்விதான் காலையிலிருந்து குடைகிறது. ரிமோட்டை எடுத்துவிட்டேன். இணைய முகவரியையும். 75, 28 என்று இரண்டு எண்ணைக் காதால் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. “கரன்ட் செலவு பாதிக்கும் கீழே” என்று மாற்றினேன். கணக்கும் சரி, 75இல் பாதி முப்பத்தேழரை, 28 அதற்குக் கீழேதான். வாரன்ட்டிதான் இடிக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கருத்துக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பை மூடி வைத்துவிட்டு, சத்தமில்லாத ஃபேனுக்குக் கீழே நம் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். ஒரே ஒரு வரி வந்தது: “ஃபேன் ஓடுதா?” சத்தம் கேட்காததால் கேட்கிற கேள்வி. ஆங்கிலத் தலைப்பு சொல்ல வந்ததும் இதைத்தான், ஆனால் இது மொழிபெயர்த்த வரி அல்ல. யாரும் எங்கேயும் சொல்கிற வரி.

அங்கிருந்து பின்னால் போனேன். பழைய ஃபேன் இருந்தபோது இவர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள்? கத்தித்தான். இரண்டாம் வரைவு:

ஒலி: ஃபேன் சத்தம்.
அவர்: விளக்கை அணைச்சிடவா?
அவள்: என்னது?
அவர்: விளக்கை! அணைச்சிடவா!
அவள்: யாரை அழைச்சிட்டு வரணும்?
ஒலி: ஃபேன் நிற்கிறது. அமைதி.
அவர்: ஃபேன் போடலியா?
அவள்: ஓடுதுங்க. ஏன் கத்துறீங்க?

‘அணைச்சிடவா’ அவள் காதில் ‘அழைச்சிட்டு வா’ என்று விழுகிறது. ஆங்கில வரியின் நகைச்சுவை போச்சே என்று வருத்தமாக இருந்தது, அதன் இடத்தில் நம்முடையதாகவே ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசியில் ஒரு குரல்: “காத்து வரும். சத்தம் வராது.”

பழைய மைக் | ஜூன் 6, காலை 6.45

இதுதான் ஸ்பாட். இனி ஒலிக்குறிப்புக்கு வாருங்கள், அதில்தான் ஓட்டை.

‘ஃபேன் சத்தம்’ என்று எழுதி அனுப்பினால் ஸ்டுடியோக்காரர் சேமிப்பிலிருந்து ஏதோ ஒரு ‘ஹ்ம்ம்ம்’ எடுத்துப் போடுவார். அந்த முனகல் கீழ்ஸ்தாயியில் இருக்கும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி வரவே வராது. காரில் அது எஞ்சினோடு கலந்துவிடும். அப்புறம் இந்த இரண்டு பேர் ஏன் கத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது தட்டல். இறக்கை ஆடி எங்கோ இடிக்கிற ‘கடகட’. அது எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். வேகத்தையும் எழுதுங்கள். முழு வேகத்தில் ஓடும் சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றும், அதாவது நொடிக்கு ஐந்து தட்டு. அப்போதுதான் எரிச்சல் வரும். மெதுவாக ‘டக்... டக்...’ என்று போட்டால் யாரோ கதவைத் தட்டுவதாக நினைப்பார்கள்.

சுருதிப்பெட்டி | ஜூன் 6, காலை 10.10

நான் பின்னணிக் குரல் கொடுக்கிறவள். ஒரு சந்தேகம். ஃபேன் அவ்வளவு பெரிய சத்தம் போட்டால் “அணைச்சிடவா” கேட்பவருக்கும் சரியாக விழாதே. அவள் தப்பாகக் கேட்டாள் என்பது தெரிய, நமக்கு முதலில் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். இதே மாதிரி ஒரு ஸ்பாட்டுக்கு நான் குரல் கொடுத்தேன். மார்க்கெட் இரைச்சலில் இரண்டு பேர் பேசுவது. இரைச்சலை நிஜம்போல வைத்தார்கள். கடைசியில் ஒரு சொல்லும் புரியவில்லை, இரண்டு நாள் ஓடிவிட்டு நின்றுவிட்டது.

பழைய மைக் | ஜூன் 6, மதியம் 12.40

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஃபேனை முதல் இரண்டு நொடி மட்டும் முழு அளவில் விடுங்கள். பேச்சு தொடங்கியதும் கீழே இறக்கிவிடுங்கள், நிறுத்தாதீர்கள். சத்தம் பெரியது என்று அதன்பிறகு நம்ப வைப்பது உங்கள் தொண்டைதான். கத்துகிற குரலின் தன்மையே வேறு. சுருதி மேலே போகும், உயிரெழுத்து நீளும், ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கும். ப்ராசஸர் கத்தலையும் கிசுகிசுப்பையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தாலும், கத்தல் கத்தலாகத்தான் கேட்கும். அதனால் குறிப்பில் ‘உரக்க’ என்று எழுதுவதைவிட ‘அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல்’ என்று எழுதினால் நடிக்கிறவருக்குப் பிடிபடும்.

சுருதிப்பெட்டி | ஜூன் 6, மாலை 5.55

ஆமாம். ‘உரக்க’ என்று பார்த்தால் நாங்கள் மைக்கை விட்டு விலகி நின்று அதே குரலில் பேசிவிடுவோம். யாரைப் பார்த்துப் பேசுகிறோம், எவ்வளவு தூரத்தில் என்று எழுதியிருந்தால் குரல் தானாக வரும்.

தாள்பேனா | ஜூன் 7, இரவு 10.15

இரண்டாம் வரைவைக் கைப்பேசியில் நானே பேசிப் பதிவு செய்து, விஷயம் சொல்லாமல் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ‘அழைச்சிட்டு’ வரியில்தான் சிரிப்பு. ஆனால் ஃபேன் நின்ற இடத்தில் இரண்டு பேர் சொன்னது: “கரன்ட் போயிடுச்சா?”

எனக்கு இது தோன்றவேயில்லை. ஃபேன் சட்டென்று நின்றால் நம் காதுக்கு முதல் அர்த்தம் அதுதானே! புது ஃபேன் மாட்டிவிட்டார்கள் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்திருக்கிறது. இதற்கு என்ன ஒலி வைக்கலாம்? ஏணி? ஸ்பேனர்?

காட்சிமொழி | ஜூன் 8, காலை 7.30

ஸ்பேனர், ஏணி, பிறகு ‘டிங்’ என்று ஒரு மணியோசை. காட்சி மாறியது புரிந்துவிடும்.

பழைய மைக் | ஜூன் 8, காலை 8.00

ஸ்பேனர் சத்தம் ரேடியோவில் கரண்டிச் சத்தம். தனியாகக் கேட்டால் எந்த ஒலியும் எதுவாகவும் இருக்கலாம், மழை எண்ணெய்ச் சட்டிபோலக் கேட்கும். பக்கத்தில் ஒரு சொல் நின்று கையைப் பிடித்து அடையாளம் காட்ட வேண்டும். “புது ஃபேன் மாட்டியாச்சு” என்று ஒரு குரல் சொல்லிவிடட்டும். இரண்டு நொடி. பிராண்ட் பெயரும் அங்கேயே முதல் முறை விழுந்துவிடும்.

தாள்பேனா | ஜூன் 8, இரவு 11.50

மூன்றாம் வரைவு. நேரம் போட்டே எழுதினேன்.

0 முதல் 2. ஒலி: பழைய சீலிங் ஃபேன், முழு வேகம், இறக்கை இடிக்கும் ‘கடகட’, நொடிக்கு ஐந்து தட்டு. பேச்சு தொடங்கியதும் கீழே இறங்கித் தொடரும்.

2 முதல் 10.
அவர் (அடுத்த அறைக்குக் கூப்பிடுவதுபோல்): விளக்கை அணைச்சிடவா?
அவள் (அதே மாதிரி, தூரத்திலிருந்து): என்னது?
அவர் (ஒவ்வொரு சொல்லாக): விளக்கை! அணைச்சிடவா!
அவள்: யாரை அழைச்சிட்டு வரணும்?

10 முதல் 12. ஒலி: ஃபேன் சட்டென நிற்கும். சுவர்க்கடிகாரம், இரண்டு டிக்.

12 முதல் 14. அறிவிப்பாளர் (கடிகாரத்தின் மேல், நிதானமாக): புது [பிராண்ட்] ஃபேன் மாட்டியாச்சு.

14 முதல் 20.
அவர் (பழக்கம் விடாமல், கத்தி): ஃபேன் போடலியா?
அவள் (மைக்குக்கு மிக அருகில், மெல்ல): ஓடுதுங்க. ஏன் கத்துறீங்க?
அவர் (குரல் இறங்கி): ஓ... காத்து வருதே.

20 முதல் 26. அறிவிப்பாளர்: [பிராண்ட்] சீலிங் ஃபேன். காத்து வரும். சத்தம் வராது. கரன்ட் செலவு பாதிக்கும் கீழே. [பிராண்ட்].

26 முதல் 29. அவள் (கிசுகிசுப்பாக): இப்ப விளக்கை அணைங்க.
ஒலி: ஸ்விட்ச், ‘டிக்’.

35 சொல். வாசித்தால் இருபத்தெட்டரை நொடி. பிராண்ட் பெயர் மூன்று முறை. பின்னணி இசை வேண்டாம் என்று முடிவு செய்தேன், அமைதியை விற்கிற இடத்தில் வீணை எதற்கு?

பழைய மைக் | ஜூன் 9, காலை 6.30

அந்த ஒன்றரை நொடியை எதையாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள். 30 நொடி ஸ்லாட்டுக்கு முப்பதரையில் அனுப்பினால் உங்கள் கடைசி ‘டிக்’தான் வெட்டுப்படும், இந்த ஸ்பாட்டில் அதுதான் உயிர். நடிகர்களும் மூச்சு விடவேண்டும்.

சுருதிப்பெட்டி | ஜூன் 9, காலை 9.40

“காத்து வரும்” என்பதை அறிவிப்பாளர் ‘காத்து வரும்’ என்றே சொல்வாரா, ‘காற்று வரும்’ என்றா? கணவன் மனைவி பேச்சுத்தமிழ் பேசட்டும். கம்பெனிக் குரல் எழுத்துத்தமிழில் இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இன்னொன்று, ‘காத்து’ என்றால் காத்திருந்து என்றும் காதில் விழலாம்.

காட்சிமொழி | ஜூன் 9, மதியம் 2.15

காற்று. சந்தேகமே வேண்டாம். பிராண்டின் கடைசி வரி நாளைக்குப் பெயர்ப்பலகையில் ஏறும், ‘காத்து’ என்று எழுதிவைக்க முடியாது.

தாள்பேனா | ஜூன் 9, இரவு 10.00

இரண்டையும் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். ‘காற்று வரும், சத்தம் வராது’ என்பதில் ‘ற்று’ நாக்கைச் சற்றே நிறுத்துகிறது, அறிவிப்பாளர் தனியாக மேடையேறிவிட்டதுபோல் ஆகிறது. ‘காத்து’ என்றால் இப்போதுதான் கணவர் வாயில் வந்த “காத்து வருதே”யை அப்படியே எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அந்த வரி முன்னால் வந்துவிட்டதால் காத்திருப்பு என்ற குழப்பமும் வராது. எனக்கு ‘காத்து’தான். பலகைக்கு எழுதும்போது ‘காற்று’ என்று எழுதிக்கொள்ளட்டும். சுருதிப்பெட்டி சொன்னதால் இரண்டு விதமாகவும் பதிவு செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவசரக்காரி | ஜூன் 10, காலை 8.05

கிளினிக் விளம்பரத்தில் ஆம்புலன்ஸ் சைரன் போடலாமா? தொடக்கத்தில். கவனம் இழுக்கும்.

பழைய மைக் | ஜூன் 10, காலை 8.30

வேண்டாம். காரில் கேட்கிறவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து வண்டியை ஓரம் கட்டுவார். சைரன், ஹாரன், பிரேக் கிறீச்சு மூன்றையும் நான் எழுதவும் மாட்டேன், போடவும் மாட்டேன்.

தாள்பேனா | ஜூன் 13, மாலை 7.20

பதிவு முடிந்தது. அங்கே கற்றது இரண்டு.

ஒன்று, கடைசி ஸ்விட்ச். நிஜ ஸ்விட்சைப் பதிவு செய்தால் ‘டப்’ என்று தட்டையாக இருந்தது, பிளாஸ்டிக் மூடியை அழுத்தியதுபோல். பழைய மாடல், தடித்த குமிழ் வைத்த ஸ்விட்ச் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். ‘ட்டிக்’ என்று வந்தது. முன்னால் “விளக்கை அணைங்க” இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்று, மனைவியாக நடித்தவர் ‘ஏன் கத்துறீங்க’ வரியைக் கோபமாகச் சொன்னார். சண்டை மாதிரி ஆகிவிட்டது. “தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருக்கிறது” என்று மட்டும் சொன்னேன். அடுத்த டேக்கில் குரலே மாறியது. பத்திரிகையில் இருந்த குழந்தை ஸ்பாட்டுக்குள் எங்கேயும் இல்லை, ஆனால் அந்த வரியில் இருக்கிறது.

ஸ்டுடியோவிலேயே சின்ன ஸ்பீக்கரிலும் கைப்பேசியிலும் போட்டுக் கேட்டோம். கடகட, கடிகாரம், டிக் மூன்றும் நின்றன.

பழைய மைக் | ஜூன் 13, இரவு 9.10

வாரன்ட்டி?

தாள்பேனா | ஜூன் 14, காலை 10.30

இன்று வாடிக்கையாளர் கேட்டார். ஸ்பாட் பிடித்திருக்கிறது. ஆனால் “5 வருட வாரன்ட்டி” வந்தே ஆகவேண்டும் என்கிறார். அதைச் சொன்னால் பத்திரிகையில் இருந்த நட்சத்திரக் குறி “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்று வாயால் வரவேண்டும். இரண்டும் சேர்ந்து நாலு நொடி. என்னிடம் இருப்பது ஒன்றரை.

கரன்ட் வரியை எடுத்துவிட்டு வாரன்ட்டியைப் போடலாம் என்கிறார் அவர். எனக்குக் கரன்ட் வரிதான் முக்கியம் என்று படுகிறது, அதைக் கேட்டவர் நிபந்தனை எதுவும் கேட்கத் தேவையில்லை. கடைசிக் கிசுகிசுப்பை எடுத்தால் இரண்டுக்கும் இடம் வரும், அதை எடுக்க எனக்கு மனமில்லை.

காட்சிமொழி | ஜூன் 14, மதியம் 12.00

வாரன்ட்டியை ஆங்கிலப் பத்திரிகை விளம்பரமே சுமக்கட்டும். இரண்டும் ஒரே வாரத்தில்தானே வருகின்றன.

பழைய மைக் | ஜூன் 14, மதியம் 12.45

ரேடியோ கேட்கிறவர் அந்த ஆங்கிலப் பத்திரிகையை வாங்குகிறவர் இல்லை. அதனால்தானே உங்களிடம் தமிழில் கேட்டார்கள். வாரன்ட்டிக்கு என்று தனியாகப் பத்து நொடி ஸ்பாட் ஒன்று எழுதிக் காட்டுங்கள். அதே ‘கடகட’, அதே அவர், அதே அவள். “வாரன்ட்டி உண்டா?” “என்னது?”

தாள்பேனா | ஜூன் 14, மதியம் 1.05

‘வாரன்ட்டி’ அவள் காதில் ‘வாங்க நீ’ என்று விழுமா? இல்லை, ஒட்டவில்லை. ‘அஞ்சு வருஷம்’, ‘மஞ்சு வரணும்’? இதில் ஏதோ இருக்கிறது. வாய்விட்டுக் கத்திப் பார்த்துவிட்டு வருகிறேன்.